நான்கு நொடியில் முடிந்த வேலை

ஹார்ட் டிஸ்கில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் கோப்புகள் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. எல்லாக் கோப்புகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒருமுறை படித்துப் பார்ப்பதுதான் அது. டிஸ்கில் எங்காவது ஓரிடம் கெட்டுப்போயிருந்தால், படிக்கும் முயற்சி அங்கே தடுக்கி விழும். பிழைச் செய்தி வரும். படித்ததை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை, படிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

லினக்ஸ் கணினியில் இதற்குப் பலர் கையாளும் கருவி `tar`. நாடா ஆவணம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் இது. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்ற பழைய நிரல். பல கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து, ஒரே மூட்டையாகக் கட்டிக் காந்த நாடாவில் எழுதுவது அதன் தொழில். மூட்டை தேவையில்லை, படித்துப் பார்த்தால் போதும் என்றால், எழுதும் இடமாக `/dev/null` என்பதைக் கொடுக்கலாம். இது அடியில்லாத குப்பைத்தொட்டி. எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், எதையும் சேமிக்காது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். `/mnt/padangal` என்ற இடத்தில் 40,000 புகைப்படங்கள் இருக்கின்றன. சராசரியாக ஒன்று 6 எம்பி, ஆக மொத்தம் 240 ஜிபி. அவை இருப்பது நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்கில். கட்டளையும், அது எடுத்துக்கொண்ட நேரமும் இப்படி:

```
$ time tar cf /dev/null /mnt/padangal
real    0m4.012s
```

பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. நிரல் தன் வேலையை வெற்றிகரமாக முடித்ததற்கு அடையாளமான சுழியத்தைத்தான் கணினியிடம் திருப்பித் தந்திருக்கிறது. 40,000 படங்களும் பழுதில்லை என்று நிம்மதியாக எழுந்துபோகலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த நான்கு நொடி உறுத்த வேண்டும்.

அறுபது விடைத்தாள் கொண்ட கட்டை வாங்கிப்போன ஆசிரியர் தேநீர் ஆறுவதற்குள் மதிப்பெண் பட்டியலோடு திரும்பி வந்தால், அவர் எவ்வளவு திறமைசாலி என்று யாரும் வியக்கமாட்டார்கள். ஒரு தாளின் பக்கங்களைப் புரட்ட மட்டுமே எவ்வளவு நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் எப்படித் திருத்தினார், எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் போட்டார் என்பது எதுவும் தெரியாமலே, அவர் தாளைப் பிரிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கணினியிலும் இதே கணக்குச் செல்லும். ஒரு வேலைக்கு எந்த உத்தியைக் கையாண்டாலும் இதைவிடக் குறைவான நேரத்தில் முடிக்க முடியாது என்று ஓர் எல்லை இருக்கும். அதைக் கீழ்வரம்பு என்று அழைக்கலாம். உள்ளீட்டை முழுதாகப் பார்க்க வேண்டிய எந்த வேலைக்கும் அந்தக் கீழ்வரம்பு, உள்ளீட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுவர ஆகும் நேரம்.

240 ஜிபிக்கு அது எவ்வளவு? மேலே சொன்ன வகை ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 150 எம்பி தரும். தட்டின் வெளி விளிம்பில் கொஞ்சம் கூடும், உள்பக்கம் குறையும். 2,40,000 எம்பியை 150ஆல் வகுத்தால் 1,600 நொடி, அதாவது 26 நிமிடம் 40 நொடி. இது கோப்புகள் எல்லாம் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து அமைந்திருந்தால் ஆகும் நேரம். உண்மையில் படிக்கும் முனை ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்புக்கு நகர வேண்டும். வேண்டிய இடம் சுழன்று முனைக்கு அடியில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்துத் தோராயமாக ஒரு கோப்புக்கு 12 மில்லி நொடி என்று வைத்தால், 40,000 கோப்புகளுக்கு இன்னும் 8 நிமிடம் கூடும். ஆக, இந்த வேலை நேர்மையாக நடந்தால் அரை மணி நேரத்தையொட்டி ஆக வேண்டும்.

நடந்ததோ நான்கு நொடி. 240 ஜிபியை நான்கு நொடியில் படிக்க நொடிக்கு 60 ஜிபி வேகம் வேண்டும். அந்த டிஸ்கின் வேகத்தைப்போல இது 400 மடங்கு. இருபது முப்பது சதவீத வித்தியாசம் என்றால் டிஸ்கின் தரம், கோப்புகள் அமைந்த விதம் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். 400 மடங்கு வித்தியாசத்துக்கு அப்படிச் சமாதானம் கிடையாது.

ஆனாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது, ஏனென்றால் நியாயமான காரணத்தோடு வேகமாக முடியும் வேலைகளும் உண்டு. அவற்றில் முதன்மையானது கேஷ். ஒருமுறை டிஸ்கிலிருந்து படித்ததை லினக்ஸ் தன் நினைவகத்தில், அதாவது ராமில், காலியிடம் உள்ள மட்டும் வைத்துக்கொள்ளும். அதே கோப்பை மறுபடி கேட்டால் டிஸ்கைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே எடுத்துத் தரும். ஒரே கட்டளையை இரண்டாம் முறை ஓட்டினால் சட்டென்று முடிவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் இங்கே அந்த விளக்கம் பொருந்தாது என்பதைக் கணக்கே காட்டிவிடும். கணினியில் 16 ஜிபி ராம் இருப்பதாகக் கொண்டால், அது முழுவதும் இந்தப் படங்களாலேயே நிறைந்திருந்தாலும் மீதி 224 ஜிபி டிஸ்கிலிருந்துதான் வர வேண்டும். அதற்கே 25 நிமிடம் ஆகும். இன்னும் ஒரு படி மேலே போகலாம். டிடிஆர்4-3200 வகை ராமை இரட்டைத் தடத்தில் பொருத்தினால் அதன் உச்ச வேகமே நொடிக்கு 51.2 ஜிபி. 240 ஜிபியும் ராமிலேயே இருந்ததாக நினைத்துக்கொண்டாலும் நான்கு நொடியில் படித்திருக்க முடியாது. டிஸ்கின் வேகத்தை மட்டுமல்ல, நினைவகத்தின் வேகத்தையும் மிஞ்சிய ஒரு வாசிப்பு நடக்கவே இல்லை என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

அப்படியானால் நான்கு நொடியும் `tar` என்ன செய்துகொண்டிருந்தது?

நெல் கிடங்கு ஒன்றை எண்ணிப்பார்க்கலாம். ஒவ்வொரு மூட்டையிலும் அதன் எடை மையால் எழுதப்பட்டிருக்கும். கிடங்கிலுள்ள மொத்த நெல்லை ஏற்ற எத்தனை லாரி வேண்டும் என்று கேட்டால், கணக்குப்பிள்ளை மூட்டைகளைப் பிரிக்கமாட்டார். வரிசையாக நடந்துபோய் எழுதியிருக்கும் எடைகளைக் கூட்டிச் சொல்லிவிடுவார். கேட்ட கேள்விக்கு அது முழுமையான, சரியான பதில். ஆனால் நெல்லில் வண்டு விழுந்திருக்கிறதா என்று அறிய வந்தவர் அதே கணக்குப்பிள்ளை நடையைப் பார்த்துவிட்டு, எல்லா மூட்டையையும் பார்த்தாகிவிட்டது என்று நினைத்தால் தவறு அவருடையது. கணக்குப்பிள்ளை பொய் சொல்லவில்லை.

கோப்புகளுக்கும் இப்படி வெளியே எழுதிய எடை உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அளவு, உரிமையாளர், கடைசியாக மாற்றிய நேரம் முதலிய விவரங்கள் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து தனியாக, ஐநோட் என்னும் சிறு பதிவில் இருக்கும். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஓர் ஐநோட் வழக்கமாக 256 பைட். 40,000 கோப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 எம்பிதான், இரண்டு புகைப்படங்களின் அளவுகூட இல்லை. அதை நான்கு நொடியில் படிப்பதில் எந்த அதிசயமும் இல்லை.

லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு `tar` செய்தது இதைத்தான். எழுதப்போகும் இடம் `/dev/null` என்று தெரிந்தால், எழுதுவது எப்படியும் வீண், ஆகவே படிப்பதும் வீண் என்று முடிவுகட்டி, உள்ளடக்கத்தைப் படிக்காமல் ஐநோட்டில் உள்ள அளவை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போய்விடும். இது நிரலில் உள்ள பிழை அல்ல. வேண்டுமென்றே வைத்த குறுக்குவழி. குனு `tar` கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான அமாண்டா என்னும் காப்பு நகல் அமைப்புக்கு இது பயன்படுகிறது என்று அக்கையேடே சொல்கிறது. அமாண்டா நாடாவில் எழுதத் தொடங்கும் முன், இன்று எந்தக் கணினியிலிருந்து எவ்வளவு வரும், நாடாவில் இடம் போதுமா என்று முதலில் மதிப்பிடும். எத்தனை லாரி என்ற அதே கேள்வி. அதற்காக ஒவ்வொரு கோப்பையும் இரண்டு முறை படிப்பது மடமை. கணக்குப்பிள்ளைக்கு ஏற்ற குறுக்குவழி, வண்டு தேடி வந்தவருக்குப் பொறியாகிவிட்டது. நிரல் ஒரு வரி எச்சரிக்கை காட்டியிருக்கலாம் என்று தோன்றுவது நியாயந்தான். ஆனால் யுனிக்ஸ் மரபில் வந்த நிரல்கள் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதினால் வாய் திறப்பதில்லை.

கையேட்டைப் படித்து அறிந்தது இவ்வளவு. கையேடு கையில் இல்லாதபோதும், காரணத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்க முடியும். நேரம் எதனோடு சேர்ந்து வளர்கிறது என்று பார்ப்பதே அந்த வழி. உள்ளடக்கத்தைப் படிக்கும் வேலை கோப்பின் அளவோடு வளரும். வெளியே எழுதியதை மட்டும் பார்க்கும் வேலை கோப்புகளின் எண்ணிக்கையோடு வளரும். எனவே அளவில் பெரிதாக, எண்ணிக்கையில் ஒன்றே ஒன்றாக ஒரு கோப்பை உருவாக்கலாம்:

```
$ head -c 10G /dev/urandom > periya.bin
$ time tar cf /dev/null periya.bin
```

இரண்டாவது கட்டளை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் முடிந்துவிடும். இப்போதுதான் எழுதிய கோப்பு என்பதால் அதன் பெரும்பகுதி ராமில் இருக்கக்கூடும். அப்படியே இருந்தாலும் 10 ஜிபியை ராமிலிருந்து நிரலுக்கு நகலெடுக்க உணரத்தக்க நேரம் ஆகும். மாறாக, ஒவ்வொன்றும் ஒரே எழுத்து கொண்ட 40,000 கோப்புகளை வைத்து ஓட்டினால், 240 ஜிபி படங்களுக்கு ஆன நேரத்தை ஒட்டியே ஆகும். உள்ளே ஆறு எம்பி இருந்தாலும் ஓர் எழுத்து இருந்தாலும் நிரலுக்கு ஒன்றே.

சோதனைக் கோப்பை உருவாக்குவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. `truncate -s 10G` என்ற கட்டளை கண்ணிமைக்கும் நேரத்தில் 10 ஜிபி கோப்பைத் தந்துவிடும். ஆனால் அது வெற்று மூட்டை. அளவு மட்டும் எழுதப்பட்டிருக்கும், டிஸ்கில் உள்ளடக்கம் எதுவும் இருக்காது. அதை உண்மையாகப் படிக்கும் நிரலும் டிஸ்கைத் தொடாமல் சுழியங்களைப் பெற்றுக்கொண்டு வேகமாக முடித்துவிடும். அதை வைத்துச் சோதித்தால் குற்றமற்ற நிரல்மீதும் பழி விழும். மேலே சமவாய்ப்பு எண்களால் கோப்பை நிரப்பியது அதனால்தான்.

இன்னும் நேரடியான சாட்சி டிஸ்கிடமே இருக்கிறது. வீட்டில் இல்லாத நாளில் மின்விசிறி ஓடியதா என்று மீட்டர் சொல்வதைப்போல, ஒவ்வொரு டிஸ்கிலிருந்தும் எவ்வளவு படிக்கப்பட்டது என்று லினக்ஸ் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. டிஸ்கின் பெயர் `sda` என்றால் `/sys/block/sda/stat` என்ற இடத்தில் ஒரு வரிசை எண்கள் இருக்கும். அதில் மூன்றாவது எண், கணினி தொடங்கியதிலிருந்து படிக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. ஒரு செக்டர் 512 பைட். கட்டளைக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கழித்தால் போதும். 240 ஜிபியை முழுதாகப் படித்திருந்தால் வித்தியாசம் ஏறத்தாழ 47 கோடியாக இருக்க வேண்டும். ஐநோட்டுகளை மட்டும் பார்த்திருந்தால் 10 எம்பிக்கு 20,000 செக்டர். அடைவுகளின் பட்டியலும், லினக்ஸ் முன்கூட்டியே கொஞ்சம் அதிகமாகப் படித்துவைக்கும் வழக்கமும் சேர்ந்து அந்த எண்ணைச் சில மடங்கு உயர்த்தலாம். அப்போதும் 47 கோடிக்கு அருகில் வராது.

இந்தக் குணம் `tar` நிரலுக்கு மட்டும் உரியதல்ல. கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடித் தரும் குனு `grep` நிரலும், விடை `/dev/null` நோக்கிப் போகிறது என்று கண்டால், சொல் முதல்முறை அகப்பட்டதுமே நின்றுவிடும். விடையைப் பார்க்க ஆளில்லாதபோது, சொல் இருக்கிறதா இல்லையா என்ற ஒன்றைத் தவிர வேறு எதற்கும் பயனில்லையே. தேடலின் வேகத்தை அளக்க நினைத்து விடையை அங்கே திருப்பியவர் கோப்பின் முதல் சில வரிகளைத் தேடிய நேரத்தைத்தான் அளந்திருப்பார். `wc -c` என்ற கட்டளை கோப்பில் எத்தனை பைட் உள்ளன என்று சொல்லும். சாதாரணக் கோப்பு என்றால் குனு நிரல் முழுவதையும் படித்து எண்ணாமல் எழுதியிருக்கும் அளவை வைத்தே சொல்லிவிடும். வரிகளை எண்ணும் `wc -l` கட்டளைக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனெனில் வரிகளின் எண்ணிக்கை வெளியே எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரே நிரல், ஒரே கோப்பு. ஒரு கேள்விக்குப் பிரிக்காமல் பதில் சொல்லலாம், இன்னொன்றுக்கு முடியாது.

நேரத்தை வைத்துச் சொல்லும் இந்தத் தீர்ப்பு ஒரு பக்கம் மட்டுமே செல்லும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கீழ்வரம்புக்குக் குறைவாக முடிந்த வேலை உள்ளீட்டை முழுதாகப் பார்க்கவில்லை என்பது உறுதி. அரை மணி நேரம் எடுத்த வேலை உள்ளீட்டைப் பார்த்தது என்பது உறுதியல்ல. வலைப்பின்னல் பதிலுக்காகக் காத்திருந்தே ஒரு நிரல் அரை மணி நேரத்தைக் கழிக்கலாம். விடைத்தாள் கட்டோடு வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்த ஆசிரியரும் கட்டைப் பிரிக்காமலே இருந்திருக்கலாம் அல்லவா!

படங்களை உண்மையாகப் படிக்க வைக்கும் வழி சிறியது:

```
$ tar cf - /mnt/padangal | cat > /dev/null
```

இங்கே `tar` தன் மூட்டையை ஒரு குழாயில் ஊற்றுகிறது. குழாயின் மறுமுனையில் `cat` அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் கொட்டுகிறது. குழாய்க்கு அப்பால் என்ன இருக்கிறது என்று `tar` பார்க்க முடியாது, ஆகவே எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். நடுவில் `cat` இல்லாமல் `tar cf - /mnt/padangal > /dev/null` என்று எழுதினால் பயனில்லை. தன் வெளியீடு எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று நிரல் கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். பழையபடி நான்கு நொடிதான்.

குழாயைச் சேர்த்ததும் இன்னொரு கண்ணி விரிகிறது. குழாயால் இணைத்த கட்டளைகளில், வெற்றியா தோல்வியா என்று கணினி சொல்வது கடைசி நிரலைப் பற்றி மட்டும். டிஸ்கில் ஓரிடம் கெட்டு `tar` படிக்க முடியாமல் திணறினாலும், `cat` தன்னிடம் வந்ததை ஒழுங்காகக் கொட்டியிருந்தால் முடிவு சுழியம், அதாவது வெற்றி என்றே வரும். திரையில் பிழைச் செய்தி ஓடியிருக்கும். ஆனால் இரவில் தானாக ஓடும்படி அமைத்த கட்டளையின் திரையை யார் பார்க்கிறார்கள்? பாஷ் ஓட்டில் முதலில் `set -o pipefail` என்று கொடுத்துவிட்டால், குழாயில் எந்த நிரல் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று சொல்லும்.

படிக்க முடிகிறது என்பதும், படித்தது பழைய உள்ளடக்கமேதான் என்பதும் வெவ்வேறு. இரண்டையும் ஒரே வேலையில் முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் `sha256sum` நிரலால் ஒரு கைரேகை எடுத்து வேறொரு டிஸ்கில் வைக்கலாம். 64 எழுத்துகள் கொண்ட அந்தக் கைரேகை கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் சார்ந்தது. ஒரு பைட் மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். அளவைப் பார்த்தோ முதல் பக்கத்தைப் பார்த்தோ அதைக் கணக்கிட முடியாது. அடுத்த ஆண்டு `sha256sum -c` என்று சரிபார்க்கும்போது ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு எதிரிலும் `OK` அல்லது `FAILED` என்று வரும். மேலே சொன்ன டிஸ்கில், மேலே சொன்ன 40,000 படங்களுக்கு, அந்தப் பட்டியல் முழுதாக வந்து முடிய 27 நிமிடத்துக்குக் குறையாது.